பேசவும்

1989-ஆம் வருஷம், தஞ்சைப் பக்கத்துச் சிறிய ஊரொன்றின் வங்கிக் கிளையில் கடன் பிரிவு உத்தியோகஸ்தனாக நான் வந்து அமர்ந்தபோது, மேனேஜரின் மேஜைமேல் மூன்று மரத்தட்டுகள் இருந்தன. கடன் வழங்கலாம் என்று கையெழுத்தான விண்ணப்பங்கள் முதல் தட்டிலும், வழங்க இயலாது என்று முடிவானவை இரண்டாவது தட்டிலும் கிடக்கும். மூன்றாவது தட்டில் கிடப்பவற்றின் ஓரத்தில் மட்டும் பென்சிலால் ‘பேசவும்’ என்ற ஒற்றைச் சொல்லும், அதன் கீழே ஒரு கேள்வியும் எழுதப்பட்டிருக்கும். ‘அடங்கல் அண்ணன் பெயரில் இருக்கிறதே, பாகம் பிரிந்ததா?’ என்றோ, ‘சம்பளச் சீட்டில் மாதம் 150 ரூபாய் பிடிக்கிறார்களே, எதற்கு?’ என்றோ அக்கேள்வி இருக்கும். விடையை விசாரித்து அறிந்துகொண்டு நான் அவர் எதிரில் போய் நின்றால்தான் அந்த விண்ணப்பம் அத்தட்டைவிட்டு நகரும். நான்கு வருஷங்கள் அவரிடம் வேலை பார்த்தேன். கேள்வி எழுதாமல் ஒரு காகிதத்தையேனும் அவர் மூன்றாவது தட்டில் போட்டு நான் கண்டதில்லை.

அந்தப் பென்சில் குறிப்பின் பெருமையை நான் பூரணமாக உணர்ந்தது இருபது வருஷங்களுக்கும் அப்பால், பல கிளைகளின் விண்ணப்பங்களை ஒரே இடத்தில் பரிசீலிக்கும் மத்திய அலுவலகத்துக்கு மாற்றலாகிச் சென்று, கடன் விதிகளைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றவாறு எழுதித் தரும் பொறுப்பை ஏற்ற பிறகுதான். மாதச் சம்பளக்காரர்களுக்குத் தரும் தனிநபர் கடனை முதலில் எடுத்துக்கொண்டோம். விண்ணப்பதாரரின் விவரங்களைப் புரோகிராம் வாங்கிக்கொண்டு, விதிகளோடு ஒப்பிட்டு, `APPROVE`, `REJECT`, `REFER` என்ற மூன்றில் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும்: கொடு, மறு, மனிதரிடம் அனுப்பு. மேனேஜரின் மூன்று தட்டுகளும் பெயர் மாறி என்முன் வந்து நிற்பதாகவே எனக்குத் தோன்றிற்று.

விதிகள் பார்வைக்கு மிக எளியவை. வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்க வேண்டும். ஓய்வு பெறுவதற்கு முன்பே கடன் முழுவதும் அடைந்துவிட வேண்டும். சிபில் மதிப்பெண் 700-க்குக் குறையக் கூடாது. பழைய கடன்களின் தவணைகளும் புதிய தவணையும் சேர்ந்து நிகர மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எங்கள் வங்கி அப்போது வகுத்திருந்த வரம்புகள் இவை; வேறொரு வங்கியில் எண்கள் வேறாக இருக்கலாம். ஒரு பிற்பகலில் இவற்றையெல்லாம் எழுதி முடித்து, புரோகிராம் எழுதும் இளைஞரிடம் கொடுத்துவிட்டு, வேலை தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டு நான் வீடு திரும்பினேன்.

புரோகிராம் நடைமுறைக்கு வந்த இரண்டாவது மாதத்தில், ஒரு கிளையிலிருந்து தபால் ஒன்று எனக்கு வந்தது. தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் இளம்பெண் ஒருத்தி ஒரு லட்ச ரூபாய்க் கடன் கேட்டிருந்தாள்; ‘மதிப்பெண் போதவில்லை’ என்ற காரணத்துடன் விண்ணப்பம் மறுக்கப்பட்டிருந்தது. அவளுடைய தகப்பனார் கிளைக்கு நேரில் வந்து கேட்டதை, கிளை அதிகாரி அவர் பேசியபடியே எழுதி அனுப்பியிருந்தார்: “எம்பொண்ணு இதுவரைக்கும் யார்கிட்டயும் பத்து ரூவா கடன் வாங்கினதில்ல சார். கடனே வாங்காதவளுக்கு மார்க்கு எப்படி சார் குறையும்?”

அவருடைய கேள்வியில் அணுவளவும் பிழையில்லை. கடன் தகவல் நிறுவனங்கள் தரும் மதிப்பெண் 300 முதல் 900 வரையில் அமையும். ஆனால் ஒருவருக்குக் கடன் சரித்திரமே இல்லையென்றால், மதிப்பெண் வரவேண்டிய இடத்தில் -1 என்று வரும். அது மதிப்பெண்ணே அன்று. ‘இவரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை’ என்பதற்கான அடையாளம் மாத்திரமே. நான் எழுதித் தந்த விதியோ இப்படி வடிவெடுத்திருந்தது:

```
if score < 700:
    return "REJECT"
```

-1 என்பது 700-ஐவிடச் சிறிய எண்தானே! எழுதியபடி புரோகிராம் நடந்துகொண்டது. ‘700-க்குக் குறைந்தால் மறு’ என்ற வாக்கியம் என்னுடையது. இளைஞர் அதைப் பிசகாமல் எழுதியிருந்தார். கடனை வாங்கித் திருப்பித் தராதவனையும், கடன் என்பதையே அறியாத பெண்ணையும் என் வாக்கியம் ஒரே தட்டில் போட்டிருந்தது. அந்த இரண்டு மாதத்து விண்ணப்பங்களைத் திரும்ப எடுத்துப் பார்க்கையில், இதைவிட விபரீதமான இன்னொன்றும் வெளிப்பட்டது: தகவல் நிறுவனத்தின் கம்ப்யூட்டரிலிருந்து சில நேரங்களில் பதிலே வராமற் போயிருக்கிறது, பதில் வராத இடம் காலியாக இருந்திருக்கிறது, அந்தக் காலியிடம் இடையில் எங்கோ பூஜ்யமாக வாசிக்கப்பட்டு, பூஜ்யம் 700-க்குக் குறைவாகையால், அவ்விண்ணப்பங்களும் மறுக்கப்பட்டிருக்கின்றன. அரை மணி நேரம் தொடர்பு அறுந்துபோனதற்காகச் சிலருடைய விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன என்பதை அறிந்த அன்றைக்கு எனக்கு உண்டான மனவேதனையை இன்றும் நான் மறக்கவில்லை. அவ்வளவு பேருக்கும் மறுபடி கடிதம் எழுதி, விண்ணப்பங்களைப் புதிதாகப் பரிசீலித்தோம். காலியிடம் பூஜ்யமாகாமல் காலியாகவே வந்துசேரும்படி செய்தோம். விதியும் மாறிற்று:

```
if score is None:
    add("REFER", "NO_REPLY")
elif score == -1:
    add("REFER", "NO_HISTORY")
elif score < 700:
    add("REJECT", "LOW_SCORE")
```

விதிக்கு உட்படவில்லை என்பது வேறு. உட்படுகிறதா இல்லையா என்பது தெரியவில்லை என்பது வேறு. முன்னதற்கு மறுப்பு நியாயமான விடை. பின்னதற்கு மறுப்பும் விடையாகாது, சம்மதமும் விடையாகாது. கேட்டு அறிந்துகொள்வது ஒன்றே வழி. ஆகையால் ஒவ்வொரு விதியையும் எழுதும்போது, ‘இந்த விவரம் வராவிட்டால் என்ன செய்வது?’ என்ற கேள்விக்கான பதிலையும் அதன் பக்கத்திலேயே எழுதிவிடும் பழக்கத்தை அன்று முதல் கைக்கொண்டேன்.

மேலே கண்ட வரிகளில் மற்றொரு மாற்றமும் உண்டு. முதலில் எழுதிய விதி, குறை கண்ட மாத்திரத்தில் விடையைச் சொல்லிவிட்டுப் பரிசீலனையை நிறுத்திவிடும். பிந்தையது அப்படி நிற்பதில்லை. குறையை ஏட்டில் குறித்துக்கொண்டு அடுத்த விதிக்குப் போய்விடுகிறது. எல்லா விதிகளையும் பார்த்து முடித்த பின்பு, குறிப்புகளில் ஒரு மறுப்பேனும் இருந்தால் மறுப்பு, மறுப்பு இல்லாமல் கேள்வி மாத்திரம் இருந்தால் மனிதரிடம் அனுப்புவது, ஒன்றுமே இல்லையென்றால் சம்மதம் என்ற கிரமத்தில் முடிவு அமைகிறது. கம்ப்யூட்டருக்கு இதனால் கூடும் வேலை சொற்பம்; விண்ணப்பதாரருக்குக் குறையும் அலைச்சலோ அதிகம். சம்பளச் சான்றிதழ் சரியில்லை என்று முதல் முறையும், அதைத் திருத்திக்கொண்டு வந்தால் சர்வீஸ் போதவில்லை என்று இரண்டாம் முறையும் ஒருவரைத் திருப்பி அனுப்பினால், இரண்டு நாள் கூலியை அவர் இழக்கிறார். சிறு கடன்களை மறுக்கும்போது அதற்கான முக்கிய காரணங்களை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2003-ஆம் வருஷத்திலேயே ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்திருக்கிறது. முதற்குறையோடு நின்றுவிடும் புரோகிராமிடம், அந்தக் கடிதத்தில் எழுத ஒரே ஒரு காரணத்தைத் தவிர வேறு என்ன இருக்கும்?

இனி, ஒரு பள்ளிக்கூட ஆசிரியையின் விண்ணப்பத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2021 மார்ச்சு மாதத்தில், அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி ஒன்றின் ஆசிரியை, மகள் கல்யாணத்துக்காக 5 லட்ச ரூபாய் கேட்டு விண்ணப்பித்தார். வயது 54 வருஷம் 3 மாதம். 60 மாதத் தவணை கேட்டிருந்தார். புரோகிராம் மறுத்துவிட்டது. கிளை அதிகாரி தொலைபேசியில் என்னை அழைத்து, “ஐயா, அந்த டீச்சரம்மாவை எனக்குப் பல வருஷமாத் தெரியும். வீடு ரிப்பேருக்கு நம்மகிட்ட வாங்கின கடன்ல ஒரு தவணை தவறினதில்ல. அவங்களுக்கு இல்லேன்னா நாம யாருக்குத்தான் குடுக்கிறது?” என்றார். அறிமுகம் விதியாகாது என்று அவருக்குச் சொன்னேனாயினும், மறுப்புக்கான காரணங்கள் இரண்டையும் எடுத்துவைத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

முதற்காரணம், ஓய்வுக்கு முன் கடன் அடையாது என்பது. ஓய்வு வயது 58 என்று கொண்டால், அவருக்கு மிச்சமிருந்தது 45 மாதம். 60 மாதத் தவணை பொருந்தாது என்பது வாஸ்தவமே. ஆனால் தமிழ்நாட்டில் அரசு ஊழியர், ஆசிரியர்களின் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 59 ஆகவும், 2021 பிப்ரவரியில் 60 ஆகவும் உயர்ந்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் சுற்றறிக்கையைப் படித்தோம், கிளைகளுக்கு அனுப்பினோம், கோப்பிலும் சேர்த்தோம். விதிக்குள்ளே எழுதப்பட்டிருந்த 58 என்ற எண் மாத்திரம் அப்படியே இருந்துவிட்டது. உண்மையில் ஆசிரியைக்கு மிச்சமிருந்த சர்வீஸ் 69 மாதம்.

இரண்டாவது காரணம், தவணைகள் வருமானத்தில் பாதியைத் தாண்டுகின்றன என்பது. அவருடைய மொத்தச் சம்பளம் 58,000 ரூபாய். வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு முதலியவற்றுக்கு 8,000 ரூபாயும், ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனுக்கு 6,000 ரூபாயும் பிடித்தம் போக, 44,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவாகி வந்தது. விண்ணப்பத்தில் இருக்கும் கடன்களை நேர்மையாகவே எழுதியிருந்தார்: சங்கத்துக்கு 6,000, வீடு ரிப்பேர்க் கடனுக்கு 6,500. புதிய கடனுக்கு 12 சதவீத வட்டியில் 60 மாதத்துக்கு மாதத் தவணை 11,122 ரூபாய். ஆக மொத்தம் 23,622. வரவான 44,000-இல் பாதி 22,000 அல்லவா? 1,622 ரூபாய் கூடிவிட்டது, ஆகவே மறுப்பு.

இக்கணக்கில் உள்ள பிழை, பார்த்தவுடன் புலப்படுவதன்று. சங்கத்துக்குப் போகும் 6,000 ரூபாய் இங்கே இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. சம்பளத்திலேயே அதைக் கழித்த பிறகுதான் 44,000 என்ற தொகை வந்தது. அப்படிக் கழித்த பின்னர், செலுத்த வேண்டிய தவணைகளின் வரிசையிலும் அது மறுபடி வந்து நிற்கிறது. நிகர வருமானம் என்ற சொல்லுக்கு நான் இலக்கணம் எழுதாததே இதற்குக் காரணம். கைக்கு வரும் தொகையை நிகர வருமானம் என்று இளைஞர் கொண்டார். உலக வழக்கும் அதுவே. கடன் பரிசீலனையில் நாங்கள் கருதுவதோ, சட்டப்படியான பிடித்தங்கள் மாத்திரம் போக நிற்பதை. அதன்படி ஆசிரியையின் நிகர வருமானம் 50,000, பாதி 25,000, தவணைகளின் கூட்டுத்தொகை 23,622. விதிக்குள் அடங்கி, 1,378 ரூபாய் இடமும் மிஞ்சுகிறது.

ஒரு பிழை மற்றொரு பிழைக்கு எப்படித் துணை போகிறது என்பதையும் அந்தக் காகிதத்திலேயே கண்டேன். வருமானக் கணக்கைத் திருத்திவிட்டு, ஓய்வு வயதை மாத்திரம் 58 என்றே விட்டிருந்தோமானால், கிளை அதிகாரி தவணைக் காலத்தை 45 மாதமாகக் குறைத்துக் கொடுக்கலாம் என்றுதான் யோசித்திருப்பார். அப்போது மாதத் தவணை 13,853 ரூபாயாக உயரும். கூட்டுத்தொகை 26,353 ஆகி, 25,000-ஐத் தாண்டிவிடும். பழைய எண் ஒன்று ஒரு விதியில் தங்கிவிட்டால், சரியாகவே எழுதப்பட்ட வேறு விதியும் தவறாக விடை சொல்லத் தொடங்கிவிடுகிறது. ஓய்வு வயதை விதியிலிருந்து எடுத்து, எந்தத் தேதி முதல் எந்த வயது என்று தனி அட்டவணையாக வைத்தோம். சங்கப் பிடித்தத்தைச் சம்பளச் சீட்டிலிருந்து தனியாக வாங்கிக் கொண்டோம். சம்பளச் சீட்டில் பெயர் விளங்காத பிடித்தம் ஏதேனும் இருந்தால், `REFER` என்று அனுப்பி, ‘இந்தப் பிடித்தம் எதற்கு?’ என்ற கேள்வியையும் உடன் அனுப்பச் செய்தோம். முப்பது வருஷங்களுக்கு முன்பு என் மேனேஜர் பென்சிலால் எழுதிய அதே கேள்விதான் அது. ஆசிரியையின் விண்ணப்பம் மறுமுறை பரிசீலனைக்கு வந்தபோது `APPROVE` என்ற விடை வந்தது. மனிதர் கை படாமலே வந்தது.

இதுவரை சொன்னதிலிருந்து, சந்தேகம் வந்தால் மனிதரிடம் அனுப்பிவிடுவதே பத்திரம் என்று வாசகர் நினைக்கக்கூடும். அந்த அபிப்பிராயத்தில் சில மாதங்கள் நானும் இருந்து, அதன் பலனையும் கண்டேன். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பான் அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திராவிட்டால் `REFER` என்று ஒரு விதி எழுதினேன். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க வேண்டுமென்ற நல்லெண்ணத்தில் எழுதியதுதான். நம்மவர்கள் தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்துத் தம் பெயரை எழுதுகிறவர்கள். பான் அட்டைக்கோ தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டும். சம்பளச் சீட்டில் ‘எம். குமார்’ என்றிருப்பவர், பான் அட்டையில் ‘குமார் முருகேசன்’ ஆகிவிடுகிறார். ஆதாரில் ‘குமார் எம்’ என்றும் இருப்பார். விதி நடைமுறைக்கு வந்த ஒரு வாரத்துக்குள், வந்த விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் மூன்றாவது தட்டில் குவிந்துவிட்டன.

அதனால் விளைந்த தாமதம் சிறிய தீங்கே. பெரிய தீங்கு வேறு. பெயர் வேற்றுமை என்ற காரணத்தோடு நாள்தோறும் நாற்பது விண்ணப்பங்களைப் பார்க்கும் அதிகாரி, மூன்றாவது நாளிலிருந்து அவற்றைப் படிப்பதை நிறுத்திவிட்டு, கையெழுத்தை மாத்திரம் போடத் தொடங்கிவிடுகிறார். உண்மையிலேயே கேட்டறிய வேண்டிய விண்ணப்பம் அந்தக் குவியலுக்குள் வந்தால், அதுவும் அதே வேகத்தில் கையெழுத்தாகிவிடும். இவ்விதம் நடக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. மனிதரிடம் அனுப்பிய விண்ணப்பங்களை, அனுப்பிய காரணத்தை வைத்துப் பிரித்து, அதிகாரிகள் அவற்றில் என்ன முடிவெடுத்தார்கள் என்று மாதத்துக்கொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு காரணத்துக்காக அனுப்பிய அத்தனைக்கும் சம்மதமே முடிவாக இருந்தால், அந்த விதி கேள்வி எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம். அத்தனைக்கும் மறுப்பே முடிவாக இருந்தால், அதை மறுப்பு விதியாகவே எழுதிவிடலாம். முடிவுகள் இரு பக்கமும் பிரிந்து வரும் காரணமே மூன்றாவது தட்டில் இருப்பதற்கு உரியது. பெயர் விதியில் அந்த மாதம் ஒரு மறுப்புக்கூட இல்லை. பிறந்த தேதி ஒத்திருந்து, பெயரும் தலைப்பெழுத்தும் எந்த வரிசையில் வந்தாலும் பொருந்துமானால் போதும் என்று விதியைத் திருத்தினோம். அதன் பிறகு மூன்றாவது தட்டுக்கு வந்த பெயர்கள் மிகச் சில. அவற்றை அதிகாரிகள் படித்தார்கள்.

புதிய விதி ஒன்றை எழுதிய பின், முடிவு தெரிந்த பழைய விண்ணப்பங்களில் இருபதை எடுத்து, கையால் ஒருமுறையும் புரோகிராமில் ஒருமுறையும் கணக்கிட்டுப் பார்க்காமல் அதைக் கிளைகளுக்கு அனுப்புவதில்லை என்ற வழக்கத்தை, நான் ஓய்வு பெறும் வரையில் விடாமல் கடைப்பிடித்தேன். அந்த இருபதில், கடனே வாங்காதவர் ஒருவர், சரியாக 700 மதிப்பெண் பெற்றவர் ஒருவர், தவணை சரியாகப் பாதி வருமானத்தில் வந்து நிற்பவர் ஒருவர், ஏதேனும் ஒரு விவரம் காலியாக உள்ளவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். 700 என்பது உள்ளே சேர்ந்ததா, வெளியே நிற்பதா என்ற சிறு விஷயத்தில்கூட, விதி எழுதியவனும் புரோகிராம் எழுதியவரும் வேறுவேறாக எண்ணியிருந்ததை இப்படித்தான் பலமுறை கண்டுபிடித்தோம்.

இதை வாசிக்கிறவர்களில் கடனுக்கு விண்ணப்பிக்க இருப்பவர்களும் இருப்பீர்கள். உங்கள் சம்பளச் சீட்டில் சங்கக் கடன் பிடித்தம் இருந்தால், அது இன்ன கடனுக்கு, இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று சங்கத்திடம் ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே அதை வாங்கிப் பார்த்து, அடைத்த கடன் அடையாததாக இருந்தால் திருத்தச் சொல்லி எழுதுங்கள். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் வாய்ச்சொல்லோடு திரும்பி வந்துவிடாமல், எல்லாக் காரணங்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த நர்ஸ் பெண்ணின் தகப்பனார் கிளைக்கு வந்து கேட்டிருக்காவிட்டால், என் விதியில் இருந்த பிழை இன்னும் எத்தனை மாதம் அப்படியே இருந்திருக்குமோ, நான் அறியேன்.